ஏசி காப்பர் பைப்புக்கு ஃப்ளேர் போடுறது எப்படி (கேஸ் லீக் ஆகாம)

போன மாசம் ஒரு ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி பார்த்தேன், ஆர்32 கேஸ். வீடு மாத்தி மாட்டுனதுக்கப்புறம் ரெண்டு தடவ கேஸ் ஃபில் பண்ணிட்டாங்க, ரெண்டு தடவயும் மூணு மாசத்துல கூலிங் போச்சு. அவுட்டோர்ல அரை இஞ்ச் நட்டச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு, அதுமேல தூசி அப்பி கருப்பா ஒரு வளையம். கேஸ் வெளிய போகும்போது கூடவே கம்ப்ரசர் ஆயிலும் கசியும், அதனால இந்தக் கறை தெரிஞ்சா லீக் அங்கதான்னு ஓரளவு நம்பலாம். நட்டக் கழட்டிப் பார்த்தா ஃப்ளேர், அதாவது புனல் மாதிரி விரிச்சுவிட்ட பைப் வாய், அதோட ஓரத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். பழைய ஃப்ளேரையே திரும்ப மாட்டி, லீக் ஆகக்கூடாதுன்னு மூச்சப் பிடிச்சு முறுக்கியிருக்காங்க.

அதனால முதல் வேலை, பழைய ஃப்ளேர வெட்டித் தூக்கிப் போடுங்க. வெட்டுறதுக்கு ஹேக்ஸா பிளேடு வேண்டாம், தூள் உள்ள போயிடும், பைப் கட்டர்தான். கட்டரச் சுத்தச் சுத்த கைப்பிடிய கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க, அவசரப்பட்டு இறுக்குனா பைப் வட்டம் போயி நசுங்கிடும்.

வெட்டுனதும் உள்பக்க விளிம்புல ஒரு பிசிர் நிக்கும், விரல வச்சா சொரசொரன்னு இருக்கும். பைப் வாய கீழ பாக்குற மாதிரி பிடிச்சுட்டு ரீமரால சுரண்டுங்க, அப்பத்தான் தூள் கீழ விழும், உள்ள போகாது. இந்த வேலையத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க, பிசிரோட விரிச்சா அது ஃப்ளேர் முகத்துல மடிஞ்சு கோடா நிக்கும், அந்தக் கோட்டு வழியா கேஸ் போகும். அதே சமயம் ரொம்பவும் சுரண்டிடாதீங்க, விளிம்பு மெலிஞ்சா விரிக்கும்போது கிழிஞ்சுடும்.

இப்ப நட்ட பைப்ல மாட்டுங்க. சிரிக்காதீங்க, அழகா ஃப்ளேர் போட்டு முடிச்சுட்டு நட்டு தரையில கிடக்குறதப் பார்த்து நானே திரும்ப வெட்டியிருக்கேன்.

அடுத்து பைப்ப ஃப்ளேரிங் டூல்ல சரியான ஓட்டைல வச்சு இறுக்கணும். எவ்வளவு வெளிய நீட்டணும்ங்கறது டூலப் பொறுத்தது, ஆர்410ஏ, ஆர்32க்குன்னு வர்ற கிளட்ச் டூல்னா மட்டத்துல இருந்து அரை மில்லிமீட்டர் வரைக்கும் போதும், பழைய மாடல் கிளட்ச் டூல்னா ஒண்ணுல இருந்து ஒன்றரை. கோன்ல ஒரு சொட்டு ஏசி ஆயில் விட்டு மெதுவா சுத்துங்க, கிளட்ச் 'டக்'னு விட்டதும் நிறுத்திடுங்க.

வெளிய எடுத்து வெளிச்சத்துல பாருங்க. முகம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கணும், சுத்தி அகலம் ஒரே சீரா இருக்கணும். அரை இஞ்ச் பைப்புக்கு ஃப்ளேரோட வெளி அளவு 16.6 மில்லிமீட்டர் வரைக்கும் வரலாம், கால் இஞ்சுக்கு 9.1. அதுக்கு மேல போனா நட்டு உள்ள உரசும், ரொம்பக் கம்மியா வந்தா பிடிமானம் இருக்காது. ஒரு பக்கம் கோணலா இருந்தா யோசிக்காம வெட்டிட்டு மறுபடி போடுங்க.

மாட்டும்போது ஃப்ளேர் முகத்துல அதே ஆயில் லேசா தடவுங்க, மரைல பட வேண்டாம். டெஃப்ளான் டேப்பும் சுத்தாதீங்க, இங்க கேஸ நிறுத்துறது மரை இல்ல, செம்பு ஃப்ளேர் முகம் வால்வோட பித்தளை முகத்துல அழுந்துறதுதான். பைப்ப நேரா பிடிச்சு முதல்ல கையாலேயே மூணு நாலு சுத்து ஏத்துங்க, கை போகலன்னா மரை கோணலா ஏறுதுன்னு அர்த்தம், கழட்டிட்டு திரும்ப வைங்க. அப்புறம் ஒரு ஸ்பேனரால வால்வ அசையாம பிடிச்சுட்டு டார்க் ரெஞ்சால நட்ட இறுக்கணும். ஒரே ஸ்பேனர்ல முறுக்குனா பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கும். கால் இஞ்சுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை இஞ்சுக்கு 50 முதல் 60ங்கறது பொதுவான அளவு, உங்க மெஷின் புத்தகத்துல வேற போட்டிருந்தா அதையே வைங்க.

அந்த வீட்டுல ரெண்டு ஃப்ளேரும் புதுசா போட்டு, அவுட்டோர் வால்வுகள மூடியே வச்சு, ரெகுலேட்டர் வச்ச நைட்ரஜன் சிலிண்டர்ல இருந்து 400 பிஎஸ்ஐ ஏத்துனேன். இதுக்கு ஆக்சிஜன தொடவே தொடாதீங்க, ஆயிலோட சேர்ந்தா வெடிக்கும். நாலு நட்டுலயும் சோப்புத் தண்ணி தடவுனேன், முட்டை வரல. சாயங்காலம் கேஜ் 392 காட்டுச்சு, வீட்டுக்காரர் முகம் வாடிப்போச்சு. ஆனா ஏத்துனப்ப வெயில் 35 டிகிரி, பார்த்தப்ப 29, ஆறு டிகிரி குறைஞ்சா அந்த பிரஷர்ல எட்டு பிஎஸ்ஐ இறங்கறது நியாயம்தான். அதே 29 டிகிரில 380க்கு போயிருந்தா திரும்பவும் சோப்புத் தண்ணிய எடுத்திருப்பேன். நைட்ரஜன விட்டுட்டு வேக்யூம் பம்ப மாட்டுனேன்.