கணக்கு முடித்தல் என்று ஒரு பொத்தான் வைத்தேன்

பாலக்கோட்டிலிருந்து இரண்டு தம்பிகள் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். தக்காளி மண்டிகளுக்கு ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறார்கள். எடை ஏற்றுவது, சீட்டு அச்சிடுவது, பாக்கி பார்ப்பது எல்லாம் சுத்தமாக ஓடியது. திரையின் கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அதில் ‘கணக்கு முடி’ என்று எழுதியிருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கிருஷ்ணகிரி மாம்பழ மண்டிகளுக்கு மென்பொருள் செய்து கொடுத்து வருகிறேன். ஒரு வசதிக்கோ கட்டணத் திட்டத்துக்கோ பெயர் வைப்பதில் செய்யக்கூடிய தவறுகளில் முக்கால்வாசியை என் கையாலேயே செய்திருக்கிறேன். எழுத்துப்பிழை, வாயில் நுழையாத பெயர் போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். முதலில், இன்றும் என்னை எரிச்சல்படுத்துகிற ஒன்று.

தொழிலில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை வேறு பொருளில் எடுத்தாள்வது

நான் செய்த வசதி மிக எளியது. மாலையில் வியாபாரம் முடிந்ததும் அன்றைய பதிவுகளைப் பூட்டிவிட வேண்டும், பிறகு யாரும் பழைய எடையை மாற்றக்கூடாது. கணக்குப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தின் அடியில் கோடு போடுவது மாதிரிதான். அதற்கு ‘கணக்கு முடித்தல்’ என்று பெயரிட்டேன். தூய தமிழ், சுருக்கமான பெயர் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மண்டியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். விவசாயி காயைக் கொண்டுவந்து இறக்குகிறார். எடை போடுகிறார்கள், கழிவு போகிறது, கமிஷனும் இறக்குக் கூலியும் போகின்றன, முன்பணம் வாங்கியிருந்தால் அதுவும் போகிறது. மிச்சத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதற்குப் பெயர்தான் கணக்கு முடித்தல். ‘அவருக்குக் கணக்கு முடித்தாயிற்றா?’ என்று நாள் முழுக்கக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். தராசுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எனக்கும் கேட்டிருக்கும். நான் உட்கார்ந்திருந்தது என் வீட்டு மாடியில்.

இதில் என் புத்திசாலித்தனம் வேறு ஒன்றும் சேர்ந்துகொண்டது. நாளைப் பூட்டிய பிறகு யாராவது எடை ஏற்றினால், அது தானாகவே அடுத்த நாள் தேதியில் விழும்படி எழுதியிருந்தேன். இரவு தாமதமாக வரும் வண்டிக்கு உதவும் என்று நினைத்தேன்.

ஜூன் மாதம், பெங்களூரா ரகம் குவிகிற நேரம். அன்று 14ஆம் தேதி. கணக்குப்பிள்ளை காலையில் முதல் விவசாயிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். ‘உறுதியா?’ என்று மென்பொருள் கேட்டது. பணம்தான் கொடுத்தாயிற்றே, உறுதி என்றார். மென்பொருள் 15ஆம் தேதிக்குப் போய்விட்டது. இரண்டாவது விவசாயிக்கு அழுத்தினார், 16. இப்படியே ஒன்பது பேர். பத்தாவதாக வந்த பெரியவர் சீட்டைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்துவிட்டுக் கேட்டார்: “இன்றைக்குத் தேதி 14 தானே, இதில் 23 என்று இருக்கிறதே. பணம் அன்றைக்குத்தான் கிடைக்குமா?”

அவர் மட்டும் படிக்காமல் போயிருந்தால் மாலைக்குள் ஜூலையில் இருந்திருப்போம்.

அதைவிட மோசமானது இன்னொரு மண்டி. அங்கே பெரும்பாலும் ஒரே தோட்டக்காரரின் சரக்குதான் வரும், ஆகவே பொத்தானை நாளுக்கு ஒருமுறைதான் அழுத்தினார்கள். ஆனால் காலையிலேயே அழுத்திவிட்டார்கள். முதல் நாள் மதியம் வந்த வண்டிகள் மறுநாள் தேதியில் விழுந்தன, அதற்குப் பின் எல்லாமே ஒரு நாள் தள்ளியே நகர்ந்தது. ஒரு நாள் வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லை. மாம்பழக்கூழ் ஆலையில் சரக்கு இறங்கிய நாளும் மண்டியின் நாளும் பொருந்தவில்லை என்று ஆலைக்காரர்கள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. விலை நாளுக்கு நாள் மாறுகிற தொழிலில் தேதி பிசகினால் எந்த விலை யாருக்கு என்பதே சண்டையாகிவிடும். பூட்டைத் திறக்கவும் நான் வழி வைக்கவில்லை. துண்டுச் சீட்டுகளை வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் ஒவ்வொரு பதிவாகத் தேதி மாற்றினேன். அந்தப் பருவத்துக்கான கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகும் நான் பெயரைக் குறை சொல்லவில்லை, ஆட்களைத்தான் குறை சொன்னேன். இரண்டு பக்க விளக்கக் குறிப்பு அச்சடித்துக் கொடுத்தேன், ஒரு நாள் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தேன். மாம்பழப் பருவம் முடிந்தால் கணக்குப்பிள்ளை வேறு வேலைக்குப் போய்விடுவார். அடுத்த ஆண்டு வேறொருவர் வந்தார், முதல் நாளே பொத்தானை அதே மாதிரி அழுத்தினார். பயிற்சி ஆளோடு போய்விடுகிறது, பெயர் திரையிலேயே இருக்கிறது.

கோளாறு பெயரில்தான் என்பதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பொத்தான் எத்தனை மணிக்கு அழுத்தப்படுகிறது என்று பதிவேட்டில் பாருங்கள். மாலை ஏழு மணிக்கு அழுத்த வேண்டியதைக் காலை ஏழே முக்காலுக்கு மூன்று கடைகளில் அழுத்தியிருந்தார்கள். மூன்று பேர் ஒரே மாதிரி தவறு செய்தால் அது அவர்களுடைய தவறு இல்லை.

‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்பது

புதுப் பெயர் தேடியபோது முதலில் இதைத்தான் கேட்டேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ‘கணக்கு முடித்தல்’ என்பதையும் நன்றாக இருக்கிறது என்றவர்கள்தான் அவர்கள்.

பிறகு கேள்வியை மாற்றினேன். திரையில் மற்ற இடங்களைத் தாளால் மறைத்துவிட்டு, பொத்தானை மட்டும் காட்டி, ‘இதை அழுத்தினால் என்ன நடக்கும்?’ என்று ஐந்து பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். சொல்லிக்கொடுக்கவில்லை, தலையாட்டவும் இல்லை. ‘நாள் முடிவு’ என்ற பெயரைக் காட்டியபோது மூன்று பேர், அன்றைய மொத்த வியாபாரம் எவ்வளவு என்று காட்டும் என்றார்கள். பார்க்கலாம் என்று நினைத்து அழுத்துவார்கள், நாள் பூட்டிக்கொள்ளும். அது போயிற்று. ‘நாளைப் பூட்டு’ என்று அடுத்ததைக் காட்டினேன். ஒருவர் சிரித்துக்கொண்டே, “நாளைக்குத்தானே பூட்ட வேண்டும், இன்றைக்கு எதற்கு அழுத்துவது?” என்றார். எழுதியவன் கண்ணுக்கு அந்த ‘நாளை’ படவே படாது.

கடைசியில் நின்றது ‘இன்றைய பதிவைப் பூட்டு’. அழகில்லைதான். ஐந்து பேரில் நான்கு பேர், இனி இன்றைய தேதியில் எடை ஏற்ற முடியாது என்று சரியாகச் சொன்னார்கள். ‘உறுதியா?’ என்ற வெற்றுக் கேள்வியையும் எடுத்துவிட்டு, ‘இதன் பிறகு 14ஆம் தேதியில் எதையும் சேர்க்க முடியாது’ என்று தேதியோடு எழுதினேன்.

பொத்தானுக்குள் அடங்காத பெயர்

தமிழில் ‘இல்லை’ என்ற மறுப்பு வினையின் வாலில் இருக்கிறது. ‘விலையைக் காட்டாதே’ என்று ஒரு செட்டிங்குக்குப் பெயர் வைத்தேன். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்த ஒருவருடைய சிறிய போனில் அது ‘விலையைக் காட்ட…’ என்று வெட்டுப்பட்டு நின்றது. எதிர்மறையில் பெயரே வைக்காதீர்கள். ‘விலையை மறை’ போதும்.

யார் பக்கத்திலிருந்து பார்த்த பெயர்?

யூபிஐயில் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்ப ‘கலெக்ட்’ என்று ஒன்று இருந்தது. பணம் கேட்பவருக்குத்தான் அது வசூல், கோரிக்கை வந்து சேரும் போனுக்கு உரியவர் பணம் கட்டுகிறவர். உங்களுக்குப் பணம் வருகிறது, ரகசிய எண்ணைப் போடுங்கள் என்று சொல்லி ஏமாற்றியவர்களுக்கு அந்தக் குழப்பம் வசதியாக இருந்தது. தனிநபர்களுக்கு இடையிலான கலெக்ட் கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் தேசிய கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் ஜிமெயிலின் ‘அன்டூ சென்ட்’. உண்மையில் அது அனுப்பியதைத் திரும்ப இழுப்பதில்லை, 5 முதல் 30 விநாடி வரை அனுப்பாமல் பிடித்துவைக்கிறது. ‘தாமத அனுப்புதல்’ என்று மென்பொருள் எழுதியவரின் பக்கத்திலிருந்து பெயர் வைத்திருந்தால் யார் தொட்டிருப்பார்கள்?

வெள்ளி, தங்கம், வைரம்

என் மூன்று கட்டணத் திட்டங்களின் பெயர்கள் இவை. காவேரிப்பட்டணத்தில் ஒரு மண்டி உரிமையாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தங்கத் திட்டத்தில் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், கடைசியில் எத்தனை கிராம் தருவீர்கள்?” என்றார். நகைச்சீட்டு என்றே நினைத்துவிட்டார். சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் தங்கத்தில் என்ன இருக்கிறது, வைரத்தில் என்ன கூடுதல் என்று எனக்கே அட்டையைப் பார்த்துத்தான் சொல்ல வந்தது.

மண்டிக்காரர்கள் தங்கள் கடையை எப்படி அளக்கிறார்கள் என்று கவனித்தேன். ‘அவருக்கு மூன்று தராசு ஓடுகிறது’ என்பார்கள். திட்டங்களுக்கு ‘ஒரு தராசு’, ‘மூன்று தராசு’ என்று பெயர் மாற்றினேன். எந்தத் திட்டம் தமக்கு வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெயரில் எண் வந்துவிட்டால் அது வாக்கு. பிறகு சலுகையாக நான்காவது தராசைச் சேர்த்தால் பெயர் பொய்யாகிவிடும், தனித் திட்டம்தான் போட வேண்டும்.

பெயர் மாறும் என்பதை முதல் நாளே ஏற்றுக்கொண்டு, நிரலுக்குள் இருக்கும் அடையாளத்தில் விற்பனைப் பெயரை எழுதாமல் இருங்கள்.

```
plan_2 = "மூன்று தராசு"
```

நான் `gold_plan` என்று எழுதிவிட்டேன். கூகுள் பிளேயில் ஒருமுறை உருவாக்கிய பொருள் அடையாளத்தை மாற்ற முடியாது. அந்தத் தங்கம் இன்னும் அங்கேயே கிடக்கிறது.

அன்லிமிடெட்

வேண்டாம்.

ஆங்கிலத்தைத் தமிழாக்கினால் எளிமையாகிவிடும் என்று நினைப்பது

‘பேக்கப்’ புரியாதவருக்குக் ‘காப்புப்படி’யும் புரியாது. போன் தொலைந்தால் என் பாக்கிப் பட்டியல் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய கேள்வி, அதிலிருந்து பெயரை எடுங்கள்.

பாலக்கோட்டுத் தம்பிகளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை, 23ஆம் தேதிச் சீட்டின் கதையை மட்டும் சொன்னேன். போன வாரம் பெரியவன் அழைத்தான். ‘இன்றைய பதிவைப் பூட்டு’ என்று மாற்றிவிட்டு, தாளால் திரையை மறைத்து மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் காட்டினானாம். அவர் என்ன நடக்கும் என்று சரியாகச் சொல்லிவிட்டு, ஒரு கேள்வியும் கேட்டாராம்.

“பூட்டுவது சரி தம்பி, சாவி யாரிடம் இருக்கும்?”

“இன்னும் முடிவு செய்யவில்லை அண்ணா” என்றான்.