இரண்டு ஃபோன்களை ஒப்பிடும் பக்கத்துக்கு ஒரு பக்கம் சாயாத தலைப்பும் விவரிப்பும் எழுதுவது எப்படி?

ஒப்பீட்டுப் பக்கத்தின் உள்ளே எவ்வளவு நடுநிலையோடு எழுதியிருந்தாலும், தேடல் முடிவில் வாசகர் முதலில் பார்ப்பது ஒரு தலைப்பையும் அதன் கீழே வரும் ஓரிரு வரிகளையும்தான். அந்தச் சில சொற்களை வைத்தே “இவர் இந்த ஃபோனை விற்கப் பார்க்கிறார்” என்று முடிவு கட்டிவிடுவார்கள். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. விவரிப்பை நீங்கள் சமமாகவே எழுதியிருப்பீர்கள். கூகுள் அதைப் பாதியில் வெட்டிக் காட்டும்போது அது ஒருதலைப்பட்சமாகிவிடும். இந்த விளக்கம் முழுவதும் அந்த வெட்டை மனதில் வைத்துத்தான் போகிறது.

எடுத்துக்காட்டாக, 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8, 2024 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24 இரண்டையும் எடுத்துக்கொள்வோம். அளவில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தும், ஒன்றின் பலம் மற்றதில் இல்லாத ஜோடி இது. அதனால் பழகுவதற்கு ஏற்றது.

முதல் படி: எழுதும் முன் மூன்று பட்டியல்

தலைப்பை யோசிக்கும் முன் ஒரு தாளில் மூன்று பகுதிகள் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பொதுவானவை, முதல் ஃபோனில் மேலானவை, இரண்டாவதில் மேலானவை.

நம் ஜோடியில் பொதுவானவை: 6.2 இன்ச் திரை, 7 ஆண்டு மென்பொருள் அப்டேட். பிக்சலில் மேலானது பேட்டரி. அதில் 4575 எம்ஏஎச், கேலக்ஸியில் 4000. கேலக்ஸியில் மேலானவை எடையும் கேமராவும். அதன் எடை 167 கிராம், பிக்சலின் எடை 187. தூரத்தில் உள்ளதை மூன்று மடங்கு நெருக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ கேமரா கேலக்ஸியில் உண்டு, பிக்சலில் இல்லை.

சில விவரங்களை வேண்டுமென்றே பட்டியலுக்கு வெளியே வையுங்கள். வயர் மூலம் சார்ஜ் ஆகும் திறன் பிக்சலில் 27 வாட், கேலக்ஸியில் 25 வாட். இந்த 2 வாட்டை வைத்து “வேகமான சார்ஜிங்” என்று விவரிப்பில் போட்டால், எண் உண்மையாக இருந்தாலும் சொல் மிகைதான். அதேபோல் கேலக்ஸி எஸ்24 பெரும்பாலான நாடுகளில் எக்ஸினோஸ் 2400 சிப்போடும், அமெரிக்கா, கனடா, சீனாவில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 சிப்போடும் விற்பனைக்கு வந்தது. எந்த வாசகர் கையில் எது இருக்கும் என்று தெரியாதபோது, வேகம் பற்றி ஒற்றை வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது பக்கத்தின் உள்ளே விரிவாகப் பேச வேண்டிய விஷயம்.

இரண்டாம் படி: தலைப்பு

முதலில் வரும் கேள்வி, யார் பெயர் முன்னால்? யாரோ ஒருவர் முன்னால் வந்துதான் ஆக வேண்டும். சாய்வு தெரிவது அந்த வரிசை காரணமில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும்போதுதான். அகரவரிசை நியாயமாகத் தோன்றும், ஆனால் தளத்தில் ஒப்பீடுகள் பெருகும்போது ஒரே நிறுவனம் எப்போதும் முன்னால் நிற்கும். நான் பரிந்துரைப்பது வெளியான தேதி வரிசை. பழையது முதலில், புதியது அடுத்து. இங்கே பிக்சல் 8 முன்னால், எஸ்24 பின்னால். தலைப்பு, விவரிப்பு, பக்கத்தில் உள்ள அட்டவணை மூன்றிலும் இதே வரிசைதான்.

அடுத்தது இடம். தேடல் முடிவில் தலைப்பு திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டப்படுகிறது. இத்தனை எழுத்து என்று கூகுள் எல்லை எதுவும் வைக்கவில்லை. ஆகவே இரண்டு பெயர்களும் தலைப்பின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். “புதிய ஃபோன் வாங்குபவர்களுக்கான முழுமையான ஒப்பீடு: Pixel 8…” என்று தொடங்கினால், இரண்டாவது பெயர் வருவதற்குள் வரி முடிந்துவிடும். ஒப்பீட்டுப் பக்கத்தில் ஒரு பெயர் மட்டும் தெரிந்தால் அதைவிடப் பெரிய சாய்வு வேண்டாம்.

தமிழ்ப் பக்கமாக இருந்தாலும் ஃபோன் பெயரைத் தலைப்பில் ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். பெட்டியின் மேல் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது, பெரும்பாலும் அப்படித்தான் தட்டித் தேடுகிறார்கள்.

கடைசியாக, எதை ஒப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். “எது பெஸ்ட்?” என்ற கேள்வி சாய்வானது அல்ல. ஆனால் உள்ளே ஒரு வெற்றியாளரை அறிவிப்பதாக அது வாக்குக் கொடுக்கிறது. பக்கம் அப்படி அறிவிக்கவில்லை என்றால் அந்தக் கேள்வி வேண்டாம். நம் தலைப்பு இப்படி அமையும்: “Pixel 8, Galaxy S24 ஒப்பீடு: பேட்டரி, எடை, கேமரா”. பேட்டரி ஒருவருக்குச் சாதகம், அடுத்து வரும் எடை மற்றவருக்கு. இந்த அடுக்கும் யோசித்து வைத்ததுதான்.

மூன்றாம் படி: விவரிப்பு, வெட்டுக்குத் தாங்கும்படி

பெரும்பாலான தொடக்க எழுத்தாளர்களுக்கு முதலில் வரும் வடிவம் இது:

“Pixel 8-ல் 4575 mAh பேட்டரி இருப்பதால் நாள் முழுவதும் கவலையில்லாமல் பயன்படுத்தலாம். 6.2 இன்ச் திரை, 7 ஆண்டு அப்டேட்டும் உண்டு. Galaxy S24 எடை குறைவு, டெலிஃபோட்டோ கேமராவும் உள்ளது.”

ஒரு ஃபோனை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. முழுதாகப் படித்தால் ஓரளவு நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது “அப்டேட்டும்” என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ளதை விரலால் மறைத்துப் படியுங்கள். பிக்சலுக்கான விளம்பரம் மாதிரி இருக்கும். அதற்கும் மேலே, இரண்டுக்கும் பொதுவான திரையும் அப்டேட்டும் பிக்சலின் கணக்கில் மட்டும் வரவாகிவிட்டன.

சரிசெய்யும் வழி எளிது. ஃபோன் வாரியாக எழுதாமல் அம்சம் வாரியாக எழுதுங்கள். முதல் வாக்கியத்திலேயே இரண்டு பெயர்களும், இருவருக்கும் ஒவ்வொரு பலமும் வந்துவிட வேண்டும்:

“பெரிய பேட்டரி Pixel 8-ல், குறைந்த எடை Galaxy S24-ல்.”

இதற்குப் பிறகு எங்கே வெட்டினாலும் சமநிலை கெடாது. அடுத்த வாக்கியத்தில் பொதுவானதைச் சொல்லுங்கள், கடைசியில் பக்கத்தில் இன்னும் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லாதது எப்போதும் கடைசியில்.

நீளத்தைப் பற்றி ஒன்று. 155, 160 எழுத்து என்று இணையத்தில் சொல்லப்படும் கணக்கு ஆங்கிலத்தை வைத்துச் சொல்வது. தமிழில் அதை நம்பாதீர்கள். எண்ணித் தரும் பல கருவிகள் “கி” என்ற ஓரெழுத்தை இரண்டாகக் கணக்கிடும், “ணை” போன்ற எழுத்தோ ஆங்கில எழுத்தைவிட அதிக அகலம் பிடிக்கும். கணக்கு இரண்டு பக்கமும் தவறும். அதைவிட, உங்கள் மொபைலில் ஏதாவது தமிழ்ச் சொல்லைத் தேடி, வரும் முடிவுகளில் விவரிப்பு எத்தனை சொற்களோடு நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். சில முடிவுகளில் தேதியும் முன்னால் ஒட்டிக்கொண்டு இடத்தைத் தின்னும். அதற்கும் இடம் விட்டு எழுதுங்கள்.

நான்காம் படி: சாய்க்கும் சொற்களைக் களைவது

சிறப்பான, அசத்தலான போன்ற சொற்களை எல்லோரும் நீக்கிவிடுவார்கள். சத்தமில்லாமல் சாய்ப்பவை சின்னச் சொற்கள்தான்.

“மட்டுமே” என்பதைப் பாருங்கள். “4000 mAh மட்டுமே” என்றதும் அது குறையாகிவிடுகிறது. “கூட”, “வெறும்” ஆகியவையும் அப்படித்தான். “ஆனால்” இன்னும் ஆபத்தானது. “Pixel 8-ல் பேட்டரி பெரியது, ஆனால் Galaxy S24 எடை குறைவு” என்று எழுதினால், வாசகர் மனதில் நிற்பது ஆனாலுக்குப் பின்னால் வந்ததுதான். அந்த இடத்தில் ஒரு காற்புள்ளி போதும். “விட” என்ற சொல்லை ஒரு முறை பயன்படுத்தினால், அதில் ஒரு ஃபோன் அளவுகோலாகவும் மற்றது அளக்கப்படுவதாகவும் மாறிவிடும். எண்களையே அருகருகே வைத்துவிட்டால் “விட” தேவைப்படாது.

ஒருவருக்கு எண், மற்றவருக்கு உரிச்சொல் என்று கொடுப்பதும் சாய்வுதான். ஒரு பக்கம் 4575 என்று எழுதினால் மறுபக்கம் 4000 என்றே எழுதுங்கள், “குறைவான பேட்டரி” வேண்டாம்.

இதற்குப் பின், பெயர்களை நீக்கி “ஃபோன் அ”, “ஃபோன் ஆ” என்று போட்டு, இந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் காட்டுங்கள். “எழுதியவருக்கு எது பிடித்திருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். தயங்காமல் ஒன்றைச் சொன்னால், எந்தச் சொல் அப்படி நினைக்க வைத்தது என்று கேட்டுத் திருத்துங்கள்.

நடுநிலை என்றால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வதல்ல. டெலிஃபோட்டோ கேமரா பிக்சல் 8-ல் இல்லை என்பது உண்மை. அதை மறைத்தால்தான் வாசகருக்குத் துரோகம்.

ஐந்தாம் படி: பக்கத்தில் சேர்ப்பது

```html
<title>Pixel 8, Galaxy S24 ஒப்பீடு: பேட்டரி, எடை, கேமரா</title>
<meta name="description" content="பெரிய பேட்டரி Pixel 8-ல், குறைந்த எடை Galaxy S24-ல். திரை இரண்டிலும் 6.2 இன்ச். கேமரா, சார்ஜிங், அப்டேட் விவரங்கள் அருகருகே.">
```

இவை இரண்டும் `<head>` பகுதிக்குள் வர வேண்டும். இன்ச் என்பதை 6.2" என்று குறியிட்டு எழுதாதீர்கள். அந்த இரட்டை மேற்கோள் குறி `content`-ஐ அங்கேயே மூடிவிடும், அதன் பின்னால் உள்ள வரிகள் காணாமல் போகும். விவரிப்பு எண்ணிலேயே நின்றுவிட்டதாகத் தெரிந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

ஆறாம் படி: கூகுள் மாற்றிக் காட்டினால்

நீங்கள் எழுதியதை அப்படியே காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் கூகுளுக்கு இல்லை. தலைப்புக்குப் பதிலாகப் பக்கத்தின் உள்ளே வரும் முதன்மைத் தலைப்பான `<h1>`-ஐ எடுத்துக் காட்டலாம், விவரிப்புக்குப் பதிலாகப் பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தை உருவிப் போடலாம். மேலே நடுநிலையாக எழுதிவிட்டு `<h1>`-ல் “S24 ஏன் ஜெயிக்கிறது” என்று வைத்திருந்தால், தேடல் முடிவில் அதுவே வந்து நிற்கக்கூடும். ஆகவே `<h1>`-ம் தலைப்பும் ஏறக்குறைய ஒரே சொற்களில் இருக்கட்டும். பக்கத்தின் முதல் பத்தியையும் மூன்றாம் படியில் சொன்னபடி அம்சம் வாரியாக எழுதுங்கள். உங்கள் தீர்ப்பைச் சொல்லும் பத்தியில் “நிறைய படம் எடுப்பவருக்கு”, “சார்ஜரைத் தேடி அலைய விரும்பாதவருக்கு” என்று யாருக்கானது என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த வாக்கியம் தனியாக உருவப்பட்டாலும் அர்த்தம் திரியாது.

பக்கம் வெளியான பிறகு தேடல் பெட்டியில் `site:` என்று தட்டி, இடைவெளி விடாமல் உங்கள் பக்க முகவரியைச் சேர்த்துத் தேடினால் இப்போது என்ன தெரிகிறது என்று பார்க்கலாம். அதே பக்கத்தை வெவ்வேறு சொற்களாலும் தேடிப் பாருங்கள், தேடும் சொல்லுக்கு ஏற்ப விவரிப்பு மாறும். திருத்தம் செய்தால் தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் அந்த முகவரியைக் கொடுத்து மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். புதிய வரிகள் தெரியச் சில நாட்கள் பிடிக்கும். அதற்குள் மறுபடி மறுபடி மாற்றினால் எந்த மாற்றம் பலித்தது என்றே தெரியாமல் போய்விடும்.