பிரவுசர் மாறும்போது பாஸ்வேர்டு ஃபைலில் செய்யும் தவறுகள்

குரோமிலிருந்து ஃபயர்பாக்ஸுக்கோ, அங்கிருந்து வேறொன்றுக்கோ மாறுகிறவர்களுக்கு அடிக்கடி உதவி செய்கிறேன். பட்டனை எங்கே அழுத்துவது என்பதில் யாரும் தடுமாறுவதில்லை. குரோமில் chrome://password-manager/settings, ஃபயர்பாக்ஸில் about:logins என்று போனால், சேமித்த பாஸ்வேர்டுகளை ஒரு ஃபைலாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் அங்கேயே இருக்கும். சிக்கல் எல்லாம் அந்த ஃபைல் கைக்கு வந்த பிறகுதான்.

எக்செலில் திறந்து பார்ப்பது

எத்தனை முறை சொன்னாலும் இதை மட்டும் நிறுத்த மாட்டேன் என்கிறார்கள். எனக்கு எரிச்சலே வந்துவிடும்.

எக்ஸ்போர்ட் ஆகி வரும் Chrome Passwords.csv வெறும் எழுத்து ஃபைல்தான். தளம், பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் பூட்டு எதுவும் இல்லாமல் வரிவரியாக இருக்கும். எக்ஸ்போர்ட் செய்யும்போது கம்ப்யூட்டர் பாஸ்வேர்டைக் கேட்டதே, அதனால் ஃபைலும் பூட்டித்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கேள்வி ஃபைலை எடுப்பதற்கு மட்டும்தான், எடுத்த பிறகு யார் திறந்தாலும் திறக்கும்.

நண்பர் ஒருவர் இதை டெஸ்க்டாப்பில் சேமித்தார். "எல்லாம் வந்திருக்கிறதா பார்க்கலாம்" என்று இரட்டைக் கிளிக் செய்தார், எக்செல் திறந்தது. மூடும்போது சேமிக்கவா என்று கேட்டது, இவரும் சரி என்றார். அங்கேயே இரண்டு வகையான சேதம். முதலாவது, எக்செல் பாஸ்வேர்டுகளை எண்கள் என்று நினைத்துத் திருத்திவிடும். 004417 என்பது 4417 ஆகும், 12e4 என்பது 1.20E+05 ஆகும், 3-12 என்பது தேதியாகிவிடும், = என்று தொடங்குவதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும். அந்த ஃபைலை அப்படியே புதிய பிரவுசரில் ஏற்றி இம்போர்ட் செய்தார். பெரும்பாலான தளங்கள் வேலை செய்தன, சில மட்டும் 'தவறான பாஸ்வேர்டு' என்றன. இம்போர்ட்டில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்தார், இந்த முறை டவுன்லோட்ஸ் கோப்புறைக்கு.

இரண்டாவது சேதம், பிரதிகள். வேலை முடிந்ததும் டெஸ்க்டாப்பில் இருந்த csv-யை அழித்தார், குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். ஆனால் நடுவில் ஒருமுறை எக்செல் சொன்னபடி xlsx ஆகவும் சேமித்திருந்தார், அது மிச்சம். டவுன்லோட்ஸில் இருந்ததும் மிச்சம். அவருடைய டெஸ்க்டாப் கிளவுடோடு இணைந்திருந்ததால், அழித்த ஃபைல் கிளவுடின் குப்பைத்தொட்டியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. இந்தச் சேவைகள் பலவும் அழித்ததை 30 நாள் வரை வைத்திருக்கும்.

பார்த்தே ஆக வேண்டுமென்றால் நோட்பேடில் திறந்து, சேமிக்காமல் மூடுங்கள். அதைவிட நல்லது, இம்போர்ட் செய்த பிறகு புதிய பிரவுசரின் பட்டியலிலேயே நாலைந்து தளங்களைத் திறந்து சரிபார்ப்பது. எண்ணாக மட்டும் இருக்கும் பாஸ்வேர்டு ஒன்றையாவது அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அழித்துவிட்டேன் என்று நம்புவது

முதலில் கிளவுடோடு இணையாத ஒரு கோப்புறையைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் எக்ஸ்போர்ட் செய்து உடனே இம்போர்ட் செய்யுங்கள். புதிய பிரவுசரில் எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகு அழியுங்கள். விண்டோஸில் Shift+Delete அழுத்தினால் குப்பைத்தொட்டிக்குப் போகாது. அதோடு விடாமல் `*.csv` என்றும் `*.xlsx` என்றும் கம்ப்யூட்டர் முழுக்கத் தேடி, தேதிப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள், Chrome Passwords (1).csv மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கலாம். கிளவுடின் குப்பைத்தொட்டியையும் பிரவுசர் வழியாகத் திறந்து காலி செய்யுங்கள். தானாக பேக்கப் ஓடும் கம்ப்யூட்டர் என்றால், ஃபைல் இருந்த நேரத்தில் பேக்கப் ஓடியதா என்றும் பார்க்க வேண்டும்.

'முழுசாக அழிக்கும்' மென்பொருளை எஸ்எஸ்டி-யில் நம்ப வேண்டாம். மேலெழுதினாலும் அது பழைய இடத்திலேயே எழுதும் என்று உறுதியில்லை. டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் பூட்டி வைக்கும் டிஸ்க் என்க்ரிப்ஷனை முன்கூட்டியே இயக்கி வைத்திருப்பதுதான் அங்கே உதவும்.

ஃபைலைத் தனக்கே மெயில் செய்வது

செய்யாதீர்கள். செய்துவிட்டால் ஃபைலை அழிப்பதோடு நிற்காமல் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், மெயில் கணக்கிலிருந்து தொடங்கி.

புக்மார்க்கில் Restore அழுத்துவது

புக்மார்க் ஃபைல் html ஆக வரும். ஃபயர்பாக்ஸில் அதற்கு Import Bookmarks from HTML என்று இருக்கும், இருப்பதோடு சேர்க்கும். பக்கத்திலேயே இருக்கும் Restore, இருக்கிற புக்மார்க்குகளை எடுத்துவிட்டுப் பழைய பேக்கப்பை வைக்கும். அந்த html-லும் 'இந்த லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம்' வகை முகவரிகள் இருக்கக்கூடும், எனவே அதையும் அழித்துவிடுங்கள்.

பாஸ்கீயும் வந்துவிடும் என்று நினைப்பது

பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகையோ ஃபோன் பூட்டோ கொண்டு உள்ளே நுழைய உதவும் பாஸ்கீ csv-யில் வராது. அந்தத் தளங்களில் புதிய பிரவுசரிலிருந்து புதிதாக உருவாக்க வேண்டும்.

பழைய பிரவுசரை அவசரமாகக் காலி செய்வது

ஒரே கணக்கில் இருக்கும் சாதனங்களை ஒன்றுபோல வைக்கும் சிங்க் இயங்கும்போது பழைய பிரவுசரில் பாஸ்வேர்டை அழித்தால் அதே கணக்கில் இருக்கும் ஃபோனிலும் போய்விடும். முதலில் ஃபோனையும் மாற்றுங்கள், அப்புறம் அழியுங்கள்.