தினசரி நஷ்ட வரம்பைத் தாண்டிய டிரேடருக்கு மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

டிரேடிங் டெஸ்கில் ரிஸ்க் அதிகாரியாகப் புதிதாகச் சேர்ந்தவர்களைத் தடுமாற வைப்பது, வரம்பைத் தாண்டியும் மாலைக்குள் வரம்புக்குள்ளேயே வந்து முடித்துவிட்ட டிரேடருக்கு எழுதும் மின்னஞ்சல்தான். அப்படி ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்கிறது. டிரேடரின் தினசரி நஷ்ட வரம்பு 5,00,000 ரூபாய். காலையில் அவர் 1,80,000 ரூபாய் நஷ்டத்தைப் புக் செய்துவிட்டார். பிறகு நிஃப்டி ஃபியூச்சர்ஸில் 40 லாட்டை 24,900 புள்ளியில் வாங்கினார். லாட்டுக்கு 75 என்று கொண்டால் 3,000 யூனிட். 12:40-க்கு விலை 24,790 ஆனது.

முதல் படி, எழுதுவதற்கு முன் கணக்கைச் சரிபார்ப்பது. 110 புள்ளி சரிவு, 3,000 யூனிட்டுக்கு 3,30,000 ரூபாய். காலை நஷ்டத்தையும் சேர்த்தால் 5,10,000 ரூபாய். திரையில் சிவப்பு எரிந்ததும் எழுதத் தொடங்கிவிடாதீர்கள். அந்த நேரத்தில் சந்தையில் உண்மையில் அந்த விலையில் வியாபாரம் நடந்ததா என்று பாருங்கள். நிஃப்டி ஃபியூச்சர்ஸில் இந்தச் சிக்கல் அரிது. ஆனால் வியாபாரம் குறைந்த ஆப்ஷனில், அரை மணி நேரத்துக்கு முந்தைய கடைசி விலையை வைத்து மென்பொருள் கணக்கிட்டிருந்தால், மீறலே நடக்காதவருக்கு நீங்கள் மீறல் கடிதம் அனுப்பியவராகிவிடுவீர்கள்.

இரண்டாவது படி, மீறலுக்குப் பின் நடந்ததைத் தனியாகப் பிரிப்பது. 12:46-க்கு விலை 24,780-இல் இருக்கும்போது, மொத்த நஷ்டம் 5,40,000 ஆகிவிட்ட நிலையில், அவர் மேலும் 10 லாட் வாங்கி ஆவரேஜ் செய்தார். 1:05-க்கு எல்லாவற்றையும் 24,810-இல் விற்றார். பழைய 40 லாட்டில் 2,70,000 நஷ்டம், புதிய 10 லாட்டில் 22,500 லாபம். தரகும் வரியும் நீங்கலாக அன்றைய நஷ்டம் 4,27,500 ரூபாய். அதாவது வரம்புக்குள். "நான் செய்தது சரிதானே?" என்று அவர் கேட்பது நிச்சயம். உங்கள் மின்னஞ்சல் பதில் சொல்ல வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான்.

மூன்றாவது படி, எழுதுவது. எனக்குப் பழக்கமான வடிவம் இது:

"வணக்கம். இன்று 12:40-க்கு உங்கள் மொத்த நஷ்டம் 5,10,000 ரூபாயை எட்டி, 5,00,000 ரூபாய் தினசரி வரம்பைத் தாண்டியது. புக் செய்த நஷ்டத்தோடு, திறந்திருக்கும் பொசிஷனின் அந்த நேரத்து நஷ்டமும் இந்த வரம்பில் சேரும். நாள் முழுவதும் ஒவ்வொரு நொடியும் பொருந்துவதால், மாலையில் நஷ்டம் 4,27,500 ரூபாயாகக் குறைந்திருப்பது மீறலை நீக்காது. வரம்பைத் தொட்டதும் பொசிஷனைக் குறைக்க மட்டுமே விதி அனுமதிக்கிறது. 12:46-க்கு வாங்கிய 10 லாட் பொசிஷனைக் கூட்டியது. இது தனி மீறலாகப் பதிவாகிறது. இன்று புதிய பொசிஷன் எடுக்க வேண்டாம். 12:40-க்கும் 1:05-க்கும் இடையில் நீங்கள் எடுத்த முடிவுகளுக்கான காரணத்தை நாளை சந்தை திறப்பதற்கு முன் எழுதி அனுப்புங்கள். டெஸ்க் தலைவருக்கும் நகல் அனுப்பியுள்ளேன்."

அந்த 10 லாட் லாபம் தந்ததை மின்னஞ்சலில் குறிப்பிடாததைக் கவனியுங்கள். விலை இன்னும் 100 புள்ளி இறங்கியிருந்தால், கூடுதலாக வாங்கிய 750 யூனிட் மட்டுமே மேலும் 75,000 ரூபாய் நஷ்டம் தந்திருக்கும். தன் முடிவில் தெளிவு குறைந்திருக்கும் நேரத்தில் ஒருவர் பொசிஷனைப் பெருக்காமல் தடுப்பதற்கே இந்த விதி இருக்கிறது. லாபம் வந்ததா என்ற பேச்சை நீங்களே தொடங்கினால், விதியைப் பற்றிய உரையாடல் சந்தைக் கணிப்பைப் பற்றிய வாக்குவாதமாக மாறிவிடும், அதில் டிரேடரே ஜெயிப்பார். நான் முதன்முதலில் எழுதிய இத்தகைய கடிதத்தில் "அதிர்ஷ்டவசமாக நஷ்டம் குறைந்தது" என்று ஒரு வரி சேர்த்தேன். பதிலில் அந்த ஒரு வரிக்கு மட்டும் இரண்டு பக்கம் வந்தது.

'பொறுப்பற்ற', 'வேண்டுமென்றே' போன்ற சொற்களுக்கும் இடம் தர வேண்டாம். நேரமும் தொகையும் போதும்; நோக்கத்தை விளக்க வேண்டியவர் அவர்.

நான்காவது படி, பதிலைக் கையாள்வது. நஷ்டம் 4,00,000 ரூபாயைத் தொட்டபோது மென்பொருள் அனுப்ப வேண்டிய எச்சரிக்கையைப் பார்க்கவில்லை என்று டிரேடர் சொன்னால், அது எந்தத் திரைக்கு எப்போது போனது என்று பதிவிலிருந்து காட்டுங்கள். அது போகவே இல்லை என்று தெரிந்தால் அதையும் கோப்பில் எழுதுங்கள், அது உங்கள் பக்கத்துப் பிழை. வரம்பு போதவில்லை, உயர்த்துங்கள் என்றால், அந்தக் கோரிக்கையை டெஸ்க் தலைவர் வழியாகத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். ஒப்புதல் வந்தாலும் அது வந்த நேரத்திலிருந்துதான் செல்லும். 12:40-க்குப் பின்தேதியிட்டு வழங்க முடியாது.




அனுப்பியதும் 12:40, 12:46, 1:05 ஆகிய மூன்று நேரங்களின் விலையையும் பொசிஷனையும் திரைப்பிரதியாக மின்னஞ்சலோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். சில மென்பொருள்கள் இரவில் இறுதி விலையை வைத்து நாள் முழுவதையும் மறுகணக்கிட்டுவிடும். மறுநாள் தேடினால் 5,40,000 என்ற எண் எந்தத் திரையிலும் இருக்காது.