லேபர் கேம்ப் கழிவறைக் கணக்கு: தலையை எண்ணாதீர்கள், காலை ஐந்தரை மணியை எண்ணுங்கள்

ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கம் பெரிய கட்டட வேலை ஒன்று தொடங்கினால், அஸ்திவாரத்துக்கு முன்பே தகரக் கொட்டகைகள் எழுந்துவிடும். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வரும் ஆட்களுக்கும் நம் ஊர் ஆட்களுக்கும் அதுதான் ஒரு வருடம், ஒன்றரை வருடம் வீடு. படுக்க இடம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர்கள் கழிவு எங்கே போகும் என்று கணக்குப் போடுவதில்லை. சூளகிரி பக்கம் 120 பேருக்கு நான் நின்று போட்ட கேம்ப் ஒன்றை வைத்தே சொல்கிறேன். அங்கே செய்த தவறுகளைத்தான் மற்ற கேம்ப்களிலும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதல் தவறு கழிவறை எண்ணிக்கையில். பதினைந்து பேருக்கு ஒன்று என்று 8 கழிவறை கட்டினோம். காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எட்டு மணிக்கு வேலை. அதற்குள் சமைத்துச் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும். அதனால் எல்லோரும் கழிவறைக்கு வருவது ஐந்தரையிலிருந்து ஏழு மணிக்குள். தொண்ணூறு நிமிடம். வாளியில் தண்ணீர் பிடிப்பதையும் சேர்த்து ஒருவருக்கு ஏழு நிமிடம் என்றால் ஒரு கழிவறையில் 12, 13 பேர் போகலாம். எட்டுக்கும் சேர்த்து நூறு பேர். மீதி இருபது பேர் எங்கே போவார்கள்? ஏரிக்கரைக்கு. ஒரு கழிவறை அடைத்து, இன்னொன்றின் தாழ்ப்பாள் உடைந்துவிட்டால் 45 பேர். ஊர்க்காரர்கள் வந்து சண்டை போட்ட பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்த ஆட்கள் மேல் தப்பே இல்லை. இப்போது நான் பத்துப் பேருக்கு ஒன்று என்று 12 போடச் சொல்கிறேன். பெண்கள் இருந்தால் அவர்களுக்குத் தனி வரிசை, தனி வழி, இரவெல்லாம் எரியும் விளக்கு, உள்ளேயே மூடி போட்ட சின்னத் தொட்டி. அந்தத் தொட்டி இல்லாவிட்டால் நாப்கின் கழிவறைக் குழிக்குள் போய் அடைக்கும்.

அடுத்தது தண்ணீர். கழிவறைக்கும் குளிக்கவும் ஒரே தொட்டி வைப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. ஒருவர் ஒரு தடவை கழிவறைக்குப் போனால் எட்டு லிட்டராவது வேண்டும். 120 பேருக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் லிட்டர், அதுவும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள். குளிப்பவர்கள் ஆளுக்கு இருபது லிட்டர் எடுத்தால் தொட்டி ஆறேகாலுக்கே காலியாகிவிடும். அதன் பிறகு போகிறவர் தண்ணீர் ஊற்றாமல் வருவார். அடுத்தவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் காட்டுப் பக்கம் நடப்பார். கழிவறைக்கென்று ஆயிரம் லிட்டர் தொட்டி தனியாக வேண்டும். அதிலிருந்து குளியலுக்குக் குழாய் கொடுக்கவே கூடாது.

இனி நிலத்துக்குள் போவதைப் பார்ப்போம். இங்கேதான் பெரிய செலவும் பெரிய கேடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல இடங்களில் மூன்றடி தோண்டினாலே பாறை தட்டும். நாலைந்து சிமெண்ட் உறையை இறக்கி மூடிவிட்டு 'செப்டிக் டேங்க் போட்டாச்சு' என்பது செப்டிக் டேங்க் அல்ல. பாறை மேல் உட்கார்ந்த உறையில் தண்ணீர் உறிஞ்சாது. இரண்டு மாதத்தில் நிரம்பி மேலே வழியும். வழியாமல் இறங்கினால் அது இன்னும் மோசம். பாறை வெடிப்பு வழியாக நேரே போர்வெல்லுக்குப் போகலாம். மண்ணில் என்றால் அழுக்கு கொஞ்சமாவது வடிகட்டும், வெடிப்பில் அப்படி எதுவும் நடக்காது. குழிக்கும் போர்வெல்லுக்கும் ஐம்பது அடி விட்டோம் என்ற தைரியம் இங்கே செல்லாது.

வேலை தொடங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குகிற உறிஞ்சு குழி வரப்போகும் இடத்தில், அது இறங்கும் ஆழத்துக்கு ஓரடி அகலக் குழி வெட்டுங்கள். அதில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் மறுபடி அரையடி தண்ணீர் ஊற்றி, ஒரு குச்சியில் கோடு போட்டு நட்டுவையுங்கள். ஓர் அங்குலம் இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால் அங்கே உறிஞ்சு குழியை நம்ப வேண்டாம். அடிப்பகுதி பூசிய, கசியாத தொட்டி கட்டி லாரி வைத்து எடுப்பதுதான் வழி. அப்படியானால் லாரி வந்து நிற்க இடம் விட்டிருக்க வேண்டும். எங்கள் கேம்ப்பில் தொட்டிக்கு முன்னால் கம்பியும் ஜல்லியும் குவித்துவிட்டோம். குழாய் எட்டவில்லை. 'ஆளை இறக்கி அள்ளிடலாம்' என்று ஒருவர் சொன்னார். விஷவாயு ஒரு நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. கம்பியை நகர்த்த அரை நாள் ஆனது, நகர்த்தினோம்.

குளிக்கிற தண்ணீரையும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் அதே தொட்டியில் விடுவது இன்னொரு தவறு. கழிவறைத் தண்ணீர் மட்டும் என்றால் 120 பேருக்கு நாளைக்கு 2,400 லிட்டர் வைத்துக்கொள்ளலாம். 6,000 லிட்டர் தொட்டியில் அது இரண்டரை நாள் தங்கும், கசடு அடியில் படியும். குளியலும் சமையலும் சேர்ந்து இன்னொரு 6,000 லிட்டர் வந்தால் தங்குவது 17 மணி நேரம்தான். காலை நெரிசலில் அதைவிடக் குறைவு. படியாத கசடு உறிஞ்சு குழிக்குப் போய் அதையும் அடைக்கும். லாரி வைத்து எடுக்கிற இடமென்றால் வெறும் குளியல் தண்ணீருக்குக் காசு கொடுப்பீர்கள். அதைத் தனி வாய்க்காலில் எடுத்து, மண் உள்ள பக்கம் வாழைக்கோ கல்வாழைக்கோ விடுங்கள். சமையல் தண்ணீர் மட்டும் ஒரு எண்ணெய்ப் பொறித் தொட்டியைத் தாண்டிப் போகட்டும். கேம்ப்பில் கடுகெண்ணெய் நிறையப் புழங்கும். மேலே மிதக்கும் கொழுப்பை வாரம் ஒரு தடவை வழித்தெடுக்காவிட்டால் வாய்க்கால் வெள்ளையாகப் படிந்து நாறும்.

குப்பைத் தொட்டி விஷயத்தில் இடம்தான் முக்கியம். கேட் பக்கத்தில் பச்சையும் நீலமும் பளிச்சென்று வைத்து, தமிழில் 'மக்கும் குப்பை' என்று எழுதியிருந்தோம். படிக்கத் தெரிந்தவர் வாட்ச்மேன் மட்டும். ஆட்கள் பத்துப் பத்துப் பேராகச் சேர்ந்து தனித்தனி அடுப்பில் சமைக்கிறார்கள். காய்த்தோலும் மீந்த சோறும் உருவாகும் இடம் அந்தப் பன்னிரண்டு அடுப்பும் பாத்திரம் கழுவும் மேடையும்தான். நூறடி தள்ளியிருக்கிற தொட்டிக்கு யாரும் நடக்க மாட்டார்கள். ஒவ்வொரு அடுப்புக்கும் மூடி போட்ட வாளி, மேலே வெங்காயத் தோல், சோறு படம். குட்கா பாக்கெட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அறை வாசலில் ஒரு சாக்கு. இதுவே போதுமானதாக இருந்தது.

ஆளுக்கு 200 கிராம் என்றால் நாளைக்கு 24 கிலோ ஈரக்குப்பை. ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் வந்து எடுப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஊராட்சிச் செயலரிடம் முன்பே கேட்டு, வண்டி எந்த நாளில் வரும் என்று முடிவு செய்யுங்கள். ஈ முட்டையிலிருந்து பறக்கிற ஈயாக வெயில் காலத்தில் ஏழெட்டு நாள் போதும். வாரத்துக்கு ஒரு தடவை வண்டி என்றால் கேம்ப்பில் ஈ வளர்க்கிறோம் என்று பொருள். எங்களுக்கு வண்டி அப்படித்தான் கிடைத்ததால், ஆறடிக்கு மூன்றடியில் இரண்டரை அடி ஆழக் குழி மூன்று வெட்டினோம். அன்றன்றைய குப்பையை அன்றே கொட்டி மேலே தென்னைநார்க் கழிவைத் தூவினோம். புளித்த நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், இன்னும் நார்க்கழிவு போடவேண்டும்.

மீந்த சோற்றைப் பக்கத்து மாட்டுக்காரருக்குக் கொடுப்பது எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. கழனித்தண்ணீரோடு கொஞ்சம் என்றால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மீந்த ஒரு அண்டாச் சோற்றை ஒரே மாட்டுக்கு வைத்தால் வயிற்றில் அமிலம் ஏறும், அசைபோடுவதை நிறுத்திவிடும், உயிரே போகலாம். அப்படி ஒரு மாடு விழுந்து, கால்நடை மருத்துவர் இரவில் வந்து காப்பாற்றினார். அதற்குப் பிறகு சோறு குழிக்குத்தான் போனது.