ஃபிரிட்ஜ் ஆப் அடிக்கடி ‘ஆஃப்லைன்’ காட்டுகிறதா? ரீசெட் ஓட்டையில் ஊசி விடும் முன்

ஸ்மார்ட் ஃபிரிட்ஜ் இரண்டு நாளுக்கு ஒருமுறை வைஃபையிலிருந்து கழன்றுகொண்டால், பலர் கை வைக்கும் முதல் இடம் ரவுட்டரின் பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டை. தவறுகளிலேயே அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பத்து விநாடி போல அழுத்திப் பிடித்தால் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் போகாது. பல இணைப்புகளில் இணைய நிறுவனத்தார் போட்டுக்கொடுத்த PPPoE யூசர்நேமும் சேர்ந்து அழிந்துவிடும். அதுவரை ஃபிரிட்ஜ் மட்டும்தான் படுத்திருந்தது, இப்போது வீடு முழுக்க நெட் இல்லை. ரீஸ்டார்ட்தான் வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் கழித்துப் போட்டால் போதும்.

அடுத்த தவறு, கோளாறு எங்கே என்று பார்க்காமலே எல்லாவற்றையும் மாற்றுவது. ஆப் ‘ஆஃப்லைன்’ காட்டும் அந்த நேரத்திலேயே ரவுட்டர் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். ஃபிரிட்ஜ் அங்கே இருந்தால் வைஃபை மேல் பெரும்பாலும் குற்றமில்லை. ஆப்பிலோ, நிறுவனத்தின் சர்வரிலோதான் சிக்கல். பட்டியலில் இல்லையென்றால் ரவுட்டர் செட்டிங்கைப் பார்க்க வேண்டும்.

அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது Smart Connect. சில ரவுட்டர்களில் Band Steering என்று இருக்கும். இது 2.4 GHz, 5 GHz என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் வைத்து, சாதனங்களை 5 GHz பக்கம் தள்ளப் பார்க்கும். நிறைய ஃபிரிட்ஜ்களுக்கு 2.4 GHz மட்டும்தான் தெரியும். தள்ளிவிட்டால் போக இடமில்லாமல் அறுந்துபோகும். Smart Connect-ஐ அணைத்து இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். இதில் ஒரு சூட்சுமம்: பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் 2.4 GHz-க்கே விட்டுவிட்டு, 5 GHz-க்குப் புதுப்பெயர் வையுங்கள். ஃபிரிட்ஜ் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். போன், டிவியில் பாஸ்வேர்டு மறுபடி போடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

அப்படியும் விழுந்தால் 2.4 GHz-இன் சேனலை Auto-விலிருந்து எடுத்து 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். சேனல் அகலம் 20 MHz இருக்கட்டும். சரியாக மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் அறுந்தால் செட்டிங்கை நோண்டாதீர்கள். இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதுகின்றன, அவ்வளவுதான். புது ரவுட்டர் போட்டதிலிருந்து ஃபிரிட்ஜ் இணையவே மறுத்தால், பாதுகாப்பு WPA3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். WPA2-க்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

கரண்ட் போய் வந்ததும் ‘ஆஃப்லைன்’ ஆனால், ஆப்பில் ஃபிரிட்ஜை டிலீட் செய்துவிட வேண்டாம். ரவுட்டர் எழுந்து நெட் பிடிக்க ஓரிரு நிமிடம் ஆகும்; அதற்குள் தேடிப் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜ் ஓய்ந்திருக்கலாம். ரவுட்டர் விளக்குகள் நிலையானபின், ஃபிரிட்ஜ் பேனலில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.