ஒருவருக்குக் கடலை அவித்தல்

தனியாளுக்கு நாலு நாளைக்கு, நாளுக்கு ஒரு வேளைப் புரதத்துக்கு 250 கிராம் கொண்டைக்கடலை போதும். எனக்கு அது இரண்டு விதமாகப் பிழைத்தது: எவ்வளவு அவித்தாலும் நடு கல்லாய்க் கிடந்தது, முழுவதையும் தேங்காய்ப்பாலில் கறியாக்கியதால் மூன்றாம் நாளே புளித்தது.

கல்லாய்க் கிடந்ததற்குக் காரணம் கிணற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நீரில் கல்சியம் அதிகம். அது கடலையை இளக விடாது. இப்போது இரவில் ஊறவைக்கும்போது கால் தேக்கரண்டி அப்பச்சோடா போடுகிறேன். காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கழுவி, வடிகட்டிய குடிநீரில் உப்போடு குக்கரில் 15 நிமிடம். இரண்டு விரலால் நசித்தால் மாவாக வரவேண்டும். சோடா கூடினால் தோல் கழன்று சவர்க்கார வாசம் வரும். பழப்புளி, தக்காளி எல்லாம் அவிந்த பிறகுதான். புளிப்பும் கடலையை இறுக்கும்.

பிறகு வடித்து, ஆறவிட்டு, நாலு பங்கு. ஒரு பங்கில் ஏறக்குறைய 12 கிராம் புரதம். இரண்டு பங்கு பிரிட்ஜில், இரண்டு உறைபெட்டியில். ஈரத்தோடு உறைய வைத்தால் ஒரே கட்டியாகிவிடும்.

முதல் நாள் செத்தல்மிளகாய், கடுகு, தேங்காய்ச்சொட்டோடு தாளிப்பு. மறுநாள் வெங்காயமும் இரண்டு முட்டையும் சேர்த்துக் கிளறி, மிஞ்சிய புட்டை உதிர்த்துப் போட்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது. முட்டையால் இன்னும் 12 கிராம் சேரும். பால்விட்ட கறி வேண்டுமென்றால் உறைந்த பங்கில் ஒன்றை மட்டும் எடுத்து, அன்றைக்கே முடிக்கும் அளவுக்கு வைப்பேன்.